தேதி போடுவதற்கு முன்னால்: தணிக்கை அறிக்கையைத் தடுத்து நிறுத்தும் ஒருவரின் வேலை

தணிக்கை அறிக்கையின் அடியில் கையொப்பம், இடம், தேதி மூன்றும் இருக்கும். வெளியில் இருப்பவர்கள் கையொப்பத்தைப் பார்ப்பார்கள். தணிக்கை நிறுவனத்துக்குள் இருப்பவர்களின் கண் முதலில் தேதிக்குத்தான் போகும். கருத்துச் சொல்லப் போதுமான சான்றுகள் அந்தத் தேதிக்குள் கைக்கு வந்துவிட்டன என்று தணிக்கையாளர் அறிவிக்கும் நாள் அது. பட்டியலிடப்பட்ட ஒரு கம்பெனியின் தணிக்கை என்றால், அந்த ஆண்டு முழுவதும் வேலையை நடத்திய பொறுப்பு பார்ட்னர்கூடத் தன் விருப்பத்துக்கு அந்தத் தேதியைப் போட முடியாது. குழுவுக்கு வெளியே இருக்கும் இன்னொருவர் "என் பரிசீலனை முடிந்துவிட்டது" என்று தெரிவிக்கும் வரை அறிக்கை தேதியில்லாத வரைவாகவே கிடக்கும்.

அந்த இன்னொருவர்தான் தரப் பரிசீலகர். அவர் செய்வது தணிக்கைப் பணியின் தரப் பரிசீலனை. சர்வதேசத் தணிக்கை நெறிமுறைகளை வகுக்கும் வாரியம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஐ.எஸ்.க்யூ.எம். 2 என்ற நெறிமுறை முழுக்க இவரைப் பற்றியது. அதனுடன் பிறந்த ஐ.எஸ்.க்யூ.எம். 1, தணிக்கை நிறுவனம் முழுவதற்குமான தர மேலாண்மையைப் பேசுகிறது. அதன்படியான ஏற்பாடுகளை 2022 டிசம்பர் 15-க்குள் நிறுவனங்கள் அமைத்திருக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கும், சட்டம் கேட்கும் இடங்களுக்கும் தரப் பரிசீலனை கட்டாயம். இவை தவிர, ஆபத்து அதிகம் என்று நிறுவனமே கருதும் பணிகளுக்கும் அது பரிசீலகரை நியமிக்க வேண்டும். அமெரிக்காவில் ஏ.எஸ். 1220 என்ற தனி விதி இருக்கிறது. அங்கே பரிசீலகரின் ஒப்புதல் கிடைக்காமல், அறிக்கையைப் பயன்படுத்திக்கொள்ள வாடிக்கையாளருக்கு அனுமதி தரவே கூடாது.

பரிசீலகர் செய்வது இரண்டாவது தணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். அவர் கிடங்குக்குப் போய்ச் சரக்கை எண்ணுவதில்லை, வங்கிக்குக் கடிதம் எழுதுவதில்லை, விலைச்சீட்டுகளைப் புரட்டுவதில்லை. குழு எங்கெல்லாம் தன் தீர்மானத்தைப் பயன்படுத்தியதோ, அதாவது இப்படியும் முடிவெடுக்கலாம், அப்படியும் எடுக்கலாம் என்று இருந்த இடங்களில் எதை ஏன் எடுத்தது என்பதைத்தான் அவர் பார்க்கிறார். பொருண்மை வரம்பு எவ்வளவு, எந்தக் கணக்குகளில் ஆபத்து அதிகம், நிர்வாகத்தின் மதிப்பீடுகளை ஏன் ஏற்றுக்கொண்டார்கள், திருத்தப்படாத பிழைகளை ஏன் விட்டுவிட்டார்கள், குழுவின் சுயேச்சைத்தன்மையில் கேள்வி எழுந்ததா, சிக்கலான விஷயங்களில் நிபுணர்களைக் கலந்தார்களா, பொறுப்பு பார்ட்னர் உண்மையிலேயே வேலையில் ஈடுபட்டிருந்தாரா என்பவை அவர் கேள்விகள். கடைசியில் நிதி அறிக்கையையும் தணிக்கை அறிக்கையின் வரைவையும் வாசிப்பார்.

யார் இந்த வேலைக்கு வரலாம் என்பதில் சில கறாரான விதிகள் உண்டு. அவர் அந்தக் குழுவின் உறுப்பினராக இருக்கக் கூடாது. முன்பு அதே வாடிக்கையாளருக்குப் பொறுப்பு பார்ட்னராக இருந்தவர் என்றால், குறைந்தது 2 ஆண்டுகள் விலகி இருந்த பிறகே பரிசீலகராக வரலாம். தன் பழைய முடிவுகளைத் தானே தட்டிக்கேட்பது யாருக்கும் எளிதில்லை. பரிசீலகரை நியமிக்கும் பொறுப்பு தகுதியும் அதிகாரமும் உள்ள ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் தணிக்கைக் குழுவுக்கு வெளியே இருப்பவராகவும் இருக்க வேண்டும். பொறுப்பு பார்ட்னரே தனக்குப் பிடித்த நண்பரைப் பரிசீலகராக அழைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தின் மேல் வைத்த பூட்டு இது. இரண்டு மூன்று பார்ட்னர்கள் மட்டுமே உள்ள சிறிய நிறுவனத்தில் உள்ளே ஆள் கிடைக்காது. அங்கே வெளியிலிருந்து தகுதியான ஒருவரை நியமிக்கலாம்.

இவற்றையெல்லாம் தாளில் எழுதிவிடலாம். உள்ளே நடப்பது என்ன என்பதைப் பார்க்க ஒரு கோப்பைத் திறக்க வேண்டும்.

கோப்பில் சந்திக்காத இரண்டு வேலைத்தாள்கள்

இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கற்பனை, நடப்பது கற்பனையல்ல. சில ஆண்டுகளுக்கு முன் அது இன்னொரு தொழிற்பிரிவை விலைக்கு வாங்கியது. சொத்துகளின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை, குட்வில் எனப்படும் நற்பெயர் மதிப்பாக 90 கோடி கணக்கில் நிற்கிறது. அதையும் சேர்த்து அந்தப் பிரிவின் ஏட்டு மதிப்பு 350 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 160 கோடி. அதில் 5 சதவீதமான 8 கோடியைக் குழு பொருண்மை வரம்பாக வைத்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட தவறு, நிதி அறிக்கையை வாசிப்பவரின் முடிவை மாற்றிவிடக்கூடும் என்பது கணிப்பு. ஆண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. அறிக்கைக்குக் குறித்திருக்கும் நாள் மார்ச் 14.

குட்வில்லைக் கணக்கில் வைத்திருக்கும் கம்பெனி ஆண்டுதோறும் ஒரு சோதனை செய்ய வேண்டும். இந்தப் பிரிவு இனிமேல் சம்பாதிக்கப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு, அதன் ஏட்டு மதிப்பைவிடக் குறைந்துவிட்டதா என்பதே சோதனை. குறைந்திருந்தால் வித்தியாசத்தை நஷ்டமாக எழுத வேண்டும். நிர்வாகம் அடுத்த ஐந்து ஆண்டுகளின் பண வரவை 24, 27, 30, 33, 36 கோடி என்று கணித்திருக்கிறது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு 4 சதவீத வளர்ச்சி. எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 12 சதவீதம். விடை 371 கோடி. ஏட்டு மதிப்பைவிட 21 கோடி அதிகம், ஆகவே நஷ்டம் இல்லை என்பது நிர்வாகத்தின் முடிவு.

இந்த 371-இல் முதல் ஐந்து ஆண்டுகளின் பங்கு 106 கோடிதான். மீதி 265 கோடி, அதாவது ஏழில் ஐந்து பங்கு, ஆறாவது ஆண்டிலிருந்து தொடங்கும் முடிவில்லாத எதிர்காலத்திலிருந்து வருகிறது. இப்படிப்பட்ட கணக்குகளில் இது வழக்கம்தான். ஆனால் விடை எவ்வளவு மெல்லிய கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

குழு என்ன செய்தது? மதிப்புக் குறைவுச் சோதனைக்கு ஒரு வேலைத்தாள் இருக்கிறது. அதை வேலைத்தாள் 9 என்போம். கூட்டல் பெருக்கலைச் சரிபார்த்திருக்கிறார்கள். தள்ளுபடி விகிதத்துக்கு நிறுவனத்தின் மதிப்பீட்டு நிபுணரைக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான விகிதம் 11.5 முதல் 12.75 சதவீதத்துக்குள் இருக்கலாம் என்று அவர் எழுதியிருக்கிறார். 12 அதற்குள் அடங்குகிறது. பிறகு விகிதத்தை 12.25-ஆக உயர்த்திப் பார்த்திருக்கிறார்கள். மதிப்பு 360 கோடி, இன்னும் 10 கோடி மிச்சம். "அனுமானங்கள் நியாயமானவை, மதிப்புக் குறைவு இல்லை" என்று முடித்து, மேலாளர் கையெழுத்திட்டிருக்கிறார், பார்ட்னரும் கையெழுத்திட்டிருக்கிறார். நேர்த்தியான வேலைத்தாள். தலைப்பு இருக்கிறது, நோக்கம் இருக்கிறது, முடிவு இருக்கிறது.

பரிசீலகர் முதலில் கேட்டது எளிய கேள்வி. விகிதத்தை ஏன் 12.25-இல் நிறுத்தினீர்கள்? உங்கள் நிபுணரே 12.75 வரை நியாயம் என்கிறாரே? 12.5-ஐப் போட்டுப் பார்த்தால் விடை 349 கோடி, ஏட்டு மதிப்புக்குக் கீழே. அதைக் குழு கணக்கிட்டுப் பார்த்து மறைத்தது என்று பரிசீலகர் நினைக்கவில்லை. 0.25 என்பது அந்த நிறுவனத்தின் மாதிரித்தாளில் வழக்கமாக இருந்த அளவு, அவ்வளவுதான். ஆனால் சோதனை உடையும் புள்ளிக்கு ஓர் அடி முன்னால் நிற்கும் சோதனை எதையும் சோதிப்பதில்லை. இது போன்ற கோப்புகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: அனுமானத்தைச் சற்று மாற்றினால் விடை எவ்வளவு மாறும் என்று காட்டும் உணர்வுத்திறன் அட்டவணை எந்த வரிசையில் முடிகிறது, அடுத்த வரிசை என்னவாக இருந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி அதைவிடக் கனமானது. கோப்பின் வேறொரு மூலையில், மதிப்பீடுகள் என்ற பகுதியில், வேலைத்தாள் 5 இருக்கிறது. நிர்வாகத்தின் பழைய கணிப்புகளை நடந்த உண்மையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தணிக்கை நெறிமுறைகள் கேட்கும் வேலை. ஓர் இளநிலை உதவியாளர் அதைப் பொறுமையாகச் செய்திருக்கிறார். இந்தப் பிரிவின் பண வரவு கடந்த மூன்று ஆண்டுகளில் கணிப்பைவிட முறையே 6, 9, 9 சதவீதம் குறைந்திருக்கிறது. "சந்தை நிலவரமே காரணம் என்று நிர்வாகம் விளக்கியது. ஒருதலைச் சாய்வுக்கு அறிகுறி இல்லை" என்பது அந்தத் தாளின் கடைசி வரி.

பரிசீலகர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பண வரவுகள் எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்தால் மதிப்பும் அதே விகிதத்தில் குறையும். 371 கோடி 350-ஆக இறங்க 5.7 சதவீதம் குறைந்தால் போதும். மூன்று ஆண்டுகளிலும் கணிப்பு தவறிய அளவு அதைவிட அதிகம். சராசரியான 8 சதவீதத்தைக் கழித்தால் மதிப்பு 341.6 கோடி. அப்போது எழுத வேண்டிய நஷ்டம் 8.4 கோடி, பொருண்மை வரம்பையே தாண்டுகிறது. தேவையான சான்று முழுவதும் கோப்புக்குள்ளேயே இருந்தது. இரண்டு தாள்களையும் சேர்த்துப் படித்தவர் மட்டும் இல்லை.

அவர் அனுப்பிய குறிப்பு நான்கு வரிதான். "வேலைத்தாள் 5-இல் உள்ள மூன்று ஆண்டு விவரமும் வேலைத்தாள் 9-இன் முடிவும் எப்படிப் பொருந்துகின்றன? இந்த ஆண்டின் கணிப்பு மட்டும் பலிக்கும் என்று நம்ப என்ன சான்று கிடைத்தது? நிபுணர் தந்த வரம்புக்குள்ளேயே மிச்சம் மறைந்துவிடுகிறது. இது நிதி அறிக்கையின் குறிப்பில் எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?"

எண்ணைச் சொல்லாமல் இருப்பது

இந்த இடத்தில் பரிசீலகருக்கு ஒரு சபலம் வரும். பெரும்பாலும் அவர் குழுத் தலைவரைவிட அனுபவசாலி. "7 சதவீதம் குறைத்துவிடுங்கள், முடிந்தது" என்று சொல்லிவிடலாம். மார்ச் மாதத்து நெருக்கடியில் பொறுப்பு பார்ட்னரும் அதைத்தான் விரும்புவார். தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் எதை ஏற்பீர்கள் என்று சொல்லுங்கள், நான் நிர்வாகத்திடம் பேசிக்கொள்கிறேன்" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நொடியில் பரிசீலகர் முடிவெடுக்கும் குழுவில் ஒருவராகிவிடுகிறார். பிறகு அந்த முடிவை விலகி நின்று எடைபோட ஆள் இல்லை. தணிக்கை நடக்கும்போது பார்ட்னரும் பரிசீலகரும் கலந்து பேசுவதை நெறிமுறை தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சின் அளவும் தன்மையும் பரிசீலகரின் நடுநிலையைக் கெடுக்கும் நிலைக்குப் போகக்கூடும் என்று எச்சரிக்கிறது. கேள்வியை எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதில்தான் இந்த வேலையின் கஷ்டம் இருக்கிறது.

முதலில் வந்த பதில் எதிர்பார்த்ததுதான்: "நிர்வாகத்திடம் மீண்டும் கேட்டோம். கணிப்பு அடையக்கூடியதே என்று உறுதி செய்தார்கள்." பரிசீலகர் அதை ஏற்கவில்லை. மூன்று ஆண்டுகள் தவறியவரிடமே நான்காவது ஆண்டைப் பற்றிக் கேட்டு வாங்கிய உறுதியை எவ்வளவு தூரம் சான்றாகக் கொள்ள முடியும்? குழு மறுபடியும் உட்கார்ந்தது. நிபுணரை அழைத்தது. கைவசம் இருக்கும் ஆர்டர்களையும், ஆண்டின் கடைசி மாதங்களில் நடந்த விற்பனையையும் கேட்டு வாங்கியது. கணிப்பில் பாதி நியாயமாக இருந்தது. மீதி, இன்னும் கையெழுத்தாகாத ஓர் ஒப்பந்தத்தின் மேல் நின்றது. நிர்வாகம் கடைசியில் பண வரவை 7 சதவீதம் குறைத்தது. மதிப்பு 345.3 கோடிக்கு வந்தது. 4.7 கோடி நஷ்டம் எழுதப்பட்டது. குட்வில் 85.3 கோடியாகக் குறைந்தது.

4.7 கோடி பொருண்மை வரம்பான 8-க்குக் கீழேதானே, இத்தனை அமளி எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். மதிப்புக் குறைவை எழுதிய பிறகு அந்தப் பிரிவின் ஏட்டு மதிப்பும் கணக்கிட்ட மதிப்பும் ஒன்றாகிவிட்டன. இடைவெளி பூஜ்யம். இனி எந்த அனுமானம் சற்று இறங்கினாலும் அடுத்த நஷ்டம் வரும். இது முதலீட்டாளருக்குத் தெரிய வேண்டிய செய்தி. எந்த அனுமானம் எவ்வளவு மாறினால் என்ன ஆகும் என்ற விவரம் நிதி அறிக்கையின் குறிப்பில் புதிதாகச் சேர்ந்தது. தணிக்கை அறிக்கையில் முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்ற பகுதியும் திருத்தி எழுதப்பட்டது. முதல் வரைவில் "அனுமானங்களின் நியாயத்தை மதிப்பிட்டோம்" என்ற, எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும் வாசகம் இருந்தது. இரண்டாவது வரைவில் பழைய கணிப்புகளை உண்மையோடு ஒப்பிட்டதும், அதனால் வேலையை விரிவாக்கியதும் எழுதப்பட்டன.

இதற்குள் மார்ச் 14 போய்விட்டது. அறிக்கை மார்ச் 20-க்குத் தள்ளிப்போனது. இங்கே பலர் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. தேதி ஆறு நாள் தள்ளினால் அந்த ஆறு நாளுக்கும் தணிக்கை உண்டு. ஆண்டு முடிவுக்குப் பிந்தைய நிகழ்வுகளைப் பற்றிய விசாரணையை மார்ச் 20 வரை நீட்ட வேண்டும். நிர்வாகம் தரும் எழுத்துமூல உறுதிமொழியும் அறிக்கையின் தேதியை ஒட்டியதாக இருக்க வேண்டும். மார்ச் 13 தேதியிட்டு ஏற்கெனவே வாங்கி வைத்த கடிதத்தோடு மார்ச் 20 அறிக்கையை வெளியிட்டால், நடுவில் உள்ள நாட்களுக்கு நிர்வாகம் எதையும் உறுதி சொல்லவில்லை என்றாகிவிடும். பரிசீலகர் கடைசியாகப் பார்த்த தாள் அந்தப் புதிய கடிதம்தான்.

பதில் திருப்தியாக இல்லாமல் போயிருந்தால்? தன் கவலையைப் பரிசீலகர் முதலில் பொறுப்பு பார்ட்னரிடம் சொல்ல வேண்டும். அப்படியும் தீராவிட்டால், பரிசீலனையை முடிக்க முடியவில்லை என்று நிறுவனத்தில் அதற்கெனக் குறிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து கருத்து வேறுபாட்டைத் தீர்க்கும் நடைமுறை தொடங்கும். தொழில்நுட்பப் பிரிவைக் கேட்பார்கள், வெளி நிபுணரைக் கேட்பார்கள். அது தீரும் வரை தேதி கிடையாது. வாடிக்கையாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், இயக்குநர் குழுக் கூட்டம் எத்தனை மணிக்கு என்றாலும் கிடையாது. பரிசீலகரின் ஒரே ஆயுதம் இந்த மௌனம்தான்.

பெயருக்கு நடந்த பரிசீலனையை எப்படிக் கண்டுபிடிப்பது

பரிசீலனை நடந்ததா, நடந்ததாக எழுதப்பட்டதா என்பதைச் சொல்லும் தடயங்கள் கோப்பிலேயே இருக்கும். இப்போதைய மின்கோப்புகள் யார் எந்தத் தாளை எத்தனை மணிக்குத் திறந்தார், எப்போது ஒப்பமிட்டார் என்பதைப் பதிவு செய்கின்றன. அறிக்கைத் தேதியன்று மாலை, ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது தாள்களில் பரிசீலகரின் ஒப்பம் விழுந்திருந்தால், அவற்றை அவர் படிக்கவில்லை. திட்டமிடும் கட்டத்தில் அவர் ஒப்பம் எதுவுமே இல்லையென்றால், ஆபத்துகளை எப்படி வரையறுத்தார்கள் என்பதை, திருத்த நேரமிருந்தபோது அவர் கேட்கவில்லை. பரிசீலனையைத் தணிக்கையின் ஊடே உரிய கட்டங்களில் செய்ய வேண்டும் என்று நெறிமுறை சொல்வது இதற்காகத்தான். மேலே சொன்ன கதையில் பரிசீலகர் பிப்ரவரியிலேயே வேலைத்தாள் 9-ஐத் திறந்திருந்தால், ஆறு நாள் தாமதமே வந்திருக்காது. அந்தக் குறையில் அவருக்கும் பங்கு உண்டு.

இன்னொரு தடயம், கேள்விகளே இல்லாமை. பல நிறுவனங்களில் குறிப்புகளுக்குப் பதில் வந்ததும் அவற்றை நீக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. "பரிசீலித்தேன், திருப்தி" என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சும். எந்தத் தாள்களைப் பார்த்தார், எந்த அடிப்படையில் முடிவுக்கு வந்தார், என்றைக்கு முடித்தார் என்பதெல்லாம், அந்தப் பணியோடு தொடர்பே இல்லாத அனுபவமுள்ள ஒருவருக்கும் புரியும்படி இருக்க வேண்டும். வெறும் டிக் குறிகளால் அது புரியாது.

பரிசீலனையே இல்லாமல் போனால் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு பி.எஃப். போர்கர்ஸ் வழக்கு இருக்கிறது. அமெரிக்கப் பங்குப் பத்திரங்கள் ஆணையம் 2024 மே மாதம் அந்தத் தணிக்கை நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூன் வரை ஆணையத்தில் தாக்கலான 1,500-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் இதில் சம்பந்தப்பட்டிருந்தன. முந்தைய ஆண்டின் வேலைத்தாள்களை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள், நடக்காத கூட்டங்கள் நடந்ததாக எழுதியிருந்தார்கள், தரப் பரிசீலகரின் ஒப்புதல் இல்லாமலேயே அறிக்கைகள் வெளியே போயின என்பவை ஆணையம் சொன்ன குற்றங்கள். நிறுவனத்துக்கு 1.2 கோடி டாலர் அபராதம், அதன் உரிமையாளருக்கு 20 லட்சம் டாலர் அபராதம், இருவருக்கும் ஆணையத்தின் முன் தொழில் செய்ய நிரந்தரத் தடை. அங்கே எதிர்த்துக் கேட்க ஒருவரும் இல்லாததால் ஒரு தவறு ஆயிரத்துச் சொச்சம் தடவை திரும்பத் திரும்ப நடந்தது. அது மோசடி. அன்றாடம் நடப்பது இவ்வளவு கோரமாக இருக்காது. நல்ல மனிதர்கள் நேரமில்லாமல் ஒப்பமிடுவதாக இருக்கும். அதைப் பிடிப்பதுதான் கடினம்.

கோப்பிலிருந்து நிறுவனத்துக்கு

நேரமில்லாமல் போவது தனிமனிதரின் குறை மட்டுமல்ல என்ற இடத்தில் ஐ.எஸ்.க்யூ.எம். 1 உள்ளே வருகிறது. பழைய ஏற்பாட்டில் தணிக்கை நிறுவனங்கள் கொள்கைக் கையேடு ஒன்றை எழுதி அலமாரியில் வைத்திருந்தன. எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே கையேடு. புதிய ஏற்பாடு வேறு மாதிரிக் கேட்கிறது. உங்கள் நிறுவனம் எட்ட வேண்டிய தர இலக்குகள் எவை, உங்கள் வாடிக்கையாளர்களையும் ஆட்களையும் வைத்துப் பார்த்தால் அவற்றைக் கெடுக்கக்கூடியது எது, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள் என்கிறது. தரப் பரிசீலனை அந்த மூன்றாவது கேள்விக்கான பதில்களில் ஒன்று.

நம் கதைக்குத் திரும்புவோம். பரிசீலகர் பிடித்தார், திருத்தியாகிவிட்டது. பழைய ஏற்பாட்டில் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். புதிய ஏற்பாட்டில் அடுத்த கேள்வி, இரண்டு வேலைத்தாள்களும் ஏன் சந்திக்கவில்லை என்பது. காரணத்தைத் தோண்டினால் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். வேலைத்தாள் 5-ஐ நவம்பரில் ஓர் இளநிலை உதவியாளர் செய்தார். வேலைத்தாள் 9-ஐ பிப்ரவரியில் மேலாளர் செய்தார். நடுவில் அந்த உதவியாளர் வேறு பணிக்குப் போய்விட்டார். மாதிரித்தாளில் பழைய கணிப்புகளின் விவரத்தைக் கொண்டுவந்து சேர்க்க இடமே இல்லை. உணர்வுத்திறன் அளவு 0.25 என்று முன்னாலேயே நிரப்பப்பட்டிருந்தது. அப்படியானால் இதே மாதிரித்தாள் நிறுவனத்தின் வேறு எத்தனை கோப்புகளில் இருக்கிறது? அந்தக் கேள்வியை யாராவது கேட்கிறார்களா என்பதை வைத்துத்தான் ஒரு நிறுவனத்தின் தர மேலாண்மையை நான் எடைபோடுவேன். "மேலாளருக்கு மீண்டும் பயிற்சி அளிக்கப்படும்" என்று எழுதி முடித்துவிட்டால், காரணத்தைத் தேடவில்லை, ஓர் ஆளைத் தேடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த நிறுவனம் மாதிரித்தாளை மாற்றியது. நிலையான அளவை எடுத்துவிட்டு, "மிச்சம் பூஜ்யமாகும் புள்ளி எது, அது நிபுணரின் வரம்புக்குள் வருகிறதா" என்ற கட்டத்தைச் சேர்த்தது. பரிசீலகருக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியைத் திட்டமிடும் மாதங்களுக்கு நகர்த்தியது. பரிசீலனைக்குச் செலவிடும் மணிகள் அந்த பார்ட்னரின் ஆண்டு மதிப்பீட்டில் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்ற சங்கடமான கேள்வியும் எழுந்தது. வாடிக்கையாளரிடம் கட்டணம் வசூலிக்கும் மணிக்கு மதிப்பும், சக பார்ட்னரைக் கேள்வி கேட்கும் மணிக்கு மதிப்பில்லாமையும் இருந்தால், எந்த மணி சுருங்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது நிறுவனத்தின் தலைமை இந்த ஏற்பாடு முழுவதையும் மதிப்பிட்டு, அது இலக்குகளை எட்டுகிறது என்று நியாயமான உறுதி சொல்ல முடியுமா, முடியாதா என்று தீர்மானிக்க வேண்டும். குறிப்பிட்ட சில குறைகள் தவிர முடியும் என்ற நடு நிலையும் உண்டு. மற்றவர் கணக்குக்கு நற்சான்று தருபவர்கள் தங்களுக்கே ஒரு கருத்து எழுதிக்கொள்ளும் வேடிக்கையான நாள் அது.

பரிசீலனைக்கு எட்டாத இடங்களும் இருக்கின்றன. பரிசீலகர் பார்ப்பது அவர் தேர்ந்தெடுத்த தாள்களை. கோப்புக்குள் வராத விஷயம் அவருக்குத் தெரியாது. வேலைத்தாள் 5 எழுதப்படாமலே இருந்திருந்தால், அவர் பக்கத்தில் வைத்துப் பார்க்க எதுவும் இருந்திருக்காது. நிர்வாகம் போலி ஆவணம் கொடுத்து, குழு அதை நம்பிக் கோப்பில் வைத்திருந்தால், அந்த ஆவணத்தின் நேர்த்தி அவரையும் ஏமாற்றிவிடலாம். அவர் ஒப்புக்கொண்டார் என்பதால் பொறுப்பு பார்ட்னரின் சுமை ஒரு குன்றிமணி அளவும் குறைவதில்லை. கருத்து பொறுப்பு பார்ட்னருடையது, கையொப்பமும் அவருடையது. "பரிசீலகர் பார்த்துக்கொள்வார்" என்று குழு நினைக்கத் தொடங்கிய கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டு பேரும் மற்றவரை நம்பித் தூங்கியிருப்பார்கள்.

மார்ச் 20 தேதியிட்ட அந்த அறிக்கையின் கோப்பு, வழக்கமான 60 நாள் கெடுவின்படி மே 19-க்குள் ஒழுங்குபடுத்தி மூடப்பட வேண்டும். அதற்குப் பிறகு எதையும் நீக்க முடியாது. சேர்ப்பதானால் யார், எப்போது, ஏன் என்று எழுத வேண்டும். பரிசீலகர் தன் பங்கை முடித்தபோது கோப்பில் அவருடைய பெயர், பார்த்த தாள்களின் பட்டியல், முடித்த தேதியாக மார்ச் 20, கூடவே அந்த நான்கு வரிக் கேள்வியும் அதற்கு வந்த இரண்டு பதில்களும் இருந்தன. ஏற்கப்படாத முதல் பதிலை எடுத்துவிடலாமா என்று மேலாளர் கேட்டார். அது இருக்கட்டும் என்றார் பரிசீலகர்.